ஜெராக்ஸ் கடைக்கு ஒரு லிங்க்: திறப்பதும் மூடுவதும்

பேருந்து நிலையத்தையோ தாலுகா அலுவலகத்தையோ ஒட்டியிருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனால், பிரிண்ட் வரும்வரை அந்தக் கம்ப்யூட்டரின் திரையைக் கொஞ்சம் பாருங்கள். டெஸ்க்டாப் முழுக்கக் கோப்புகள் இறைந்து கிடக்கும். யாரோ ஒருவரின் ஆதார், யாரோ ஒருவரின் வில்லங்கச் சான்று, ஒரு திருமணப் பத்திரிகை, ஒரு ரேஷன் கார்டின் போட்டோ, ‘new’ என்றும் ‘new new’ என்றும் பெயர் வைத்த பிடிஎஃப்கள். கடைக்காரர் திருடர் அல்ல. காலையிலிருந்து வரிசை நிற்கிறது, ஒருவருடைய வேலை முடிந்ததும் அடுத்தவருடையதை எடுக்கிறார், அழிக்க நேரமில்லை. இரவு ஷட்டரை இறக்கும்போது அந்த நாள் வந்துபோன எல்லாருடைய காகிதங்களும் அந்தப் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

இந்தச் சிக்கலுக்குப் பென் டிரைவ் தீர்வாகவே இருந்ததில்லை. நாம் கொண்டுபோவது இரண்டு பக்க விண்ணப்பம். ஆனால் அந்த டிரைவில் அதனுடன் குழந்தையின் பிறந்தநாள் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பழைய வேலைக்குப் போட்ட ரெஸ்யூம் எல்லாம் இருக்கும். கடைக் கம்ப்யூட்டரில் செருகிய நொடியில் அத்தனையும் அதன் முன்னால் திறந்து கிடக்கிறது. திரும்பி வரும்போது வைரஸும் கூடவே வரலாம். செருகியவுடன் தானாக ஓடும் வசதியை 2011-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் மூலம் பழைய விண்டோஸ்களிலும் அடைத்துவிட்டது. அதன் பிறகும் வைரஸ்கள் வேறு வழியில் நுழைந்தன. டிரைவில் இருக்கும் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்களை உருவாக்கி வைக்கும். நம் ஃபோல்டர்தான் என்று நினைத்து அழுத்தினால் வைரஸ் ஓடும். ‘ஷார்ட்கட் வைரஸ்’ என்று கடைக்காரர்களே சொல்வது இதைத்தான். ஃபோல்டரின் படத்தின் மூலையில் சின்ன அம்புக்குறி தெரிந்தால், டிரைவ் ஏற்கெனவே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

இப்போது பலரும் பென் டிரைவை விட்டுவிட்டு, கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பிவிடுகிறார்கள். வைரஸ் தொல்லை போய்விட்டது. ஆனால் கோப்பு முழுதாகக் கடைக்காரர் கைக்குப் போய்விடுகிறது. அது அவருடைய போனில் இருக்கும், வாட்ஸ்அப் வெப் திறந்திருக்கும் கம்ப்யூட்டரில் இருக்கும், டவுன்லோட் ஃபோல்டரிலும் இருக்கும். அனுப்பியதை ‘எல்லோருக்கும் நீக்கு’ என்று அழிக்க வாட்ஸ்அப் இரண்டு நாளுக்குச் சற்று அதிகமாக நேரம் தருகிறது. அதற்குள் அழித்தாலும் உரையாடலில் இருக்கும் பிரதிதான் போகும். கம்ப்யூட்டரில் சேமித்து வைத்த பிரதியை அது தொடாது.

லிங்க் அனுப்புவதில் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கோப்பு நம் கணக்கிலேயே இருக்கும். அதைப் பார்க்கும் வழியை மட்டும் கடைக்குக் கொடுக்கிறோம், வேலை முடிந்ததும் அந்த வழியை நாமே அடைக்கலாம். ஆனால் இதை நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிப்பதில்லை. லிங்க் வழியாகப் போனாலும் கடையில் ஒரு பிரதி இறங்கத்தான் போகிறது. அடைத்துவிட்டோம் என்று நினைக்கும் லிங்க்கும் பல நேரம் திறந்தே கிடக்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்தால்தான் லிங்க்கால் பயன்.

என் அண்ணன் மகளுக்கு அண்மையில் ஓசூரில் வேலை கிடைத்தது. சேரும் நாளன்று கொடுக்க வேண்டிய காகிதங்கள்: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்று, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், ஆதார். எல்லாமே போனில் போட்டோவாகவும் பிடிஎஃப்பாகவும் சிதறிக் கிடந்தன. அவற்றைக் கடைக்கு அனுப்பும் வழியைச் சொல்லும்படி கேட்டாள். அவளுக்குச் செய்துகொடுத்ததையே இங்கே வரிசையாகச் சொல்கிறேன். அவளிடம் இருந்தது கூகுள் டிரைவ் என்பதால் அதை வைத்தே விளக்குகிறேன்.

முதலில், கடைக்குப் போகிற எதுவாக இருந்தாலும் பிடிஎஃப்பாகத்தான் போக வேண்டும். வேர்டு கோப்பாக அனுப்பினால் தமிழுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியிருந்தால், அந்த எழுத்துரு கடைக் கம்ப்யூட்டரில் இல்லாதபோது தமிழ் முழுவதும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். உடனே கடைக்காரர் வேறு எழுத்துருவைத் தேடுவார், கோப்பைத் தன் கம்ப்யூட்டரில் சேமித்துத் திருத்துவார், அங்கே ஒரு பிரதி கூடிவிடும். பிடிஎஃப்பாக மாற்றினால் எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே போய்விடும், திரையில் கண்டதுதான் தாளிலும் வரும்.

அடுத்தது பூட்டு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய பிடிஎஃப்பைக் கடைக்காரர் இறக்கிக்கொண்டாலும், அழிக்க மறந்தாலும், பாஸ்வேர்டு தெரியாதவர்களுக்கு அதற்குள் ஒன்றும் தெரியாது. மதிப்பெண் பட்டியல் படங்களையும் பட்டச் சான்றையும் பாஸ்புக் பக்கத்தையும் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் பக்கத்துக்கு ஒன்றாகச் செருகினோம். `Export as PDF` பெட்டியில் `Security` என்ற பகுதிக்குப் போய், திறப்பதற்கான பாஸ்வேர்டைக் கொடுத்து ஏற்றுமதி செய்தோம். ‘பிடிஎஃப்பைப் பூட்டித் தருகிறோம்’ என்று சொல்லும் இணையதளங்கள் எத்தனையோ உண்டு. ஒரு கடையிடமிருந்து மறைப்பதற்காக முகம் தெரியாத இன்னொருவருடைய கம்ப்யூட்டரில் ஏற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆதாருக்கு வேறு கதை. ஆதார் இணையதளத்தில் இறக்கும் இ-ஆதார் பிடிஎஃப் பூட்டியே வருகிறது. அதன் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதையடுத்துப் பிறந்த ஆண்டு. இந்த முறை ஊருக்கே தெரியும். பெயர் தெரிந்த ஒருவர் ஆண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் சில நிமிடங்களில் திறந்துவிடலாம். கோப்புக்கே பெயரை வைத்திருந்தால் பாதிப் பாஸ்வேர்டை நாமே எழுதி ஒட்டியது போலத்தான். அதனால் மறைத்த ஆதாரை இறக்கினோம். எண்ணின் முதல் எட்டு இலக்கங்களுக்குப் பதிலாக எக்ஸ் குறி இருக்கும், கடைசி நான்கு மட்டும் தெரியும். இறக்கும்போதே அந்தத் தேர்வைக் கேட்கிறார்கள். அலுவலகம் முழு எண் கேட்காதவரை இதுவே போதும்.

ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் 2022 மே 27-ஆம் தேதி ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. நகலை எல்லாரிடமும் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைப் பயன்படுத்துங்கள், பொதுக் கம்ப்யூட்டரில் இ-ஆதார் இறக்கினால் அத்தனை பிரதிகளையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்றது. மக்கள் பதறவே, தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி மத்திய அரசு இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பு போனாலும், பிரதிகளை அழிக்கச் சொன்ன வரி சரியான வரிதான்.

இரண்டு கோப்புகளுக்கும் `k1.pdf`, `k2.pdf` என்று பெயர் வைத்தோம். கோப்பு அழிந்த பிறகும் பெயர் பல இடங்களில் நிற்கும். பிரிண்டரின் வரிசையில் தெரியும், அண்மையில் திறந்தவற்றின் பட்டியலில் தெரியும், பிரவுசரின் டவுன்லோட் பட்டியலிலும் தெரியும். ஊர் பார்க்கும் திரையில் ஒரு பெண்ணின் முழுப்பெயரும் ‘பேங்க் பாஸ்புக்’ என்ற சொல்லும் கிடக்க வேண்டியதில்லை.

பிறகு டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டர் தொடங்கி, இந்த இரண்டு பிரதிகளை மட்டும் அதில் வைத்தோம். மூலக் கோப்புகள் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஏற்கெனவே இருக்கும் ‘என் சான்றிதழ்கள்’ ஃபோல்டரை அப்படியே பகிர்வது சுலபம்தான். ஆனால் ஃபோல்டரைத் திறந்துவிட்டால் அதற்குள் இருப்பது மட்டுமல்ல, நாளைக்கு அதில் போடப்போவதும் சேர்ந்தே திறந்துகொள்ளும். புதிய ஃபோல்டரின் பகிர்வுப் பெட்டியில் `General access` என்ற இடத்தில் `Restricted` என்றிருந்ததை `Anyone with the link` என்று மாற்றி, பக்கத்தில் `Viewer` என்று வைத்தோம். `Editor` என்று வைத்தால் லிங்க் கையில் கிடைத்த யாரும் கோப்பை மாற்றலாம், நீக்கலாம்.

கோப்பின் பகிர்வு அமைப்புகளில், பார்ப்பவர்கள் இறக்கவும் அச்சிடவும் நகலெடுக்கவும் முடியாதபடி தடுக்கும் ஒரு குறி இருக்கிறது. இறக்குவதை மட்டும் தடுத்து அச்சிட விடலாமே என்று தோன்றும். மூன்றுக்கும் ஒரே குறிதான். அதை எடுத்துவிட்டால் கடையில் பிரிண்ட் பட்டனே வேலை செய்யாது, வரிசையில் நின்றுகொண்டு போனில் அமைப்பைத் தேட வேண்டிவரும். அதனால் அதை அப்படியே விட்டோம்.

கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். நம் போனில் லிங்க்கைத் தொட்டால் டிரைவ் செயலி திறந்து, உரிமையாளரான நமக்குக் கோப்பைக் காட்டிவிடும். அது சோதனையே ஆகாது. குரோமில் மறைநிலைத் தாவல் திறந்து லிங்க்கை அதில் ஒட்டிப் பார்க்க வேண்டும். கோப்புகள் தெரிந்தால் கடையிலும் தெரியும். கூகுளின் உள்நுழைவுப் பக்கம் வந்தால் லிங்க் இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். பலர் இந்த இடத்தில்தான் கடையில் மாட்டிக்கொண்டு, அவசரத்தில் தங்கள் ஜிமெயிலைக் கடைக் கம்ப்யூட்டரில் திறக்கிறார்கள். பிரிண்டுக்காகப் போய் மொத்த அஞ்சல் பெட்டியையும் அங்கே விட்டுவிட்டு வருவதுதான் அதன் விளைவு. ஏற்கெனவே அப்படிச் செய்திருந்தால், கூகுள் கணக்கின் `Security` பக்கத்தில் உங்கள் கணக்கு திறந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். தெரியாத கம்ப்யூட்டரை அங்கிருந்தே வெளியேற்றிவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

அடுத்த கேள்வி, லிங்க் கடைக் கம்ப்யூட்டருக்கு எப்படிப் போகும் என்பது. டிரைவ் லிங்க்கில் முப்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகளும் எண்களும் கலந்திருக்கும், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. அதைப் பார்த்துத் தட்டுவது ஆகிற காரியமில்லை. கடையின் மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப் எண்ணுக்கோ லிங்க்கை அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம் எண்ணும் முகப்புப் படமும் கடைக்குத் தெரியும். அது வேண்டாம் என்பவர்கள் `tinyurl.com` போன்ற சேவையில் லிங்க்கைச் சுருக்கி, கடைசிப் பகுதியைத் தாங்களே அமைத்துக்கொள்ளலாம். அண்ணன் மகள் அந்த வழியைத்தான் எடுத்தாள்.

சுருக்கும்போது ரொம்பச் சின்னதாகச் சுருக்கக் கூடாது. மார்ட்டின் ஜியார்ஜியேவும் கார்னெல் டெக் நிறுவனத்தின் விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2016-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். சுருக்கிய முகவரிகளில் கடைசியில் ஆறு எழுத்துதான் இருந்தது என்பதால், கம்ப்யூட்டரை வைத்துச் சரமாரியாக எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒன்டிரைவில் பகிர்ந்து வைத்திருந்த கோப்புகள் அவர்கள் முன்னால் திறந்துகொண்டன. ‘லிங்க் தெரிந்தவர்கள் மட்டும்’ என்ற பாதுகாப்பு, லிங்க்கை ஊகிக்க முடியாதவரைதான். `priya` என்றோ `aadhaar1` என்றோ வைக்காமல், தொடர்பில்லாத இரண்டு சொற்களோடு சில எண்களைச் சேர்த்து, எல்லாம் சின்ன எழுத்தில், பதினைந்து எழுத்துக்குக் குறையாமல் அமைப்பது நல்லது. வாயால் சொல்லித் தட்டவும் எளிது.

கடையில் நடந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரரும் நமக்கு ஒத்துவர வேண்டும். “அண்ணே, லிங்க் ஒண்ணு இருக்கு, சொல்றேன், தட்டுறீங்களா?” என்று கேட்டாள். “லிங்க் எல்லாம் லேட் ஆகும்மா, வாட்ஸ்அப்ல ஃபைலா போட்டுவிடு” என்றார் அவர். “ரெண்டே ஃபைல்தாண்ணே, பாஸ்வேர்டு போட்டிருக்கு, நானே தட்டித் தர்றேன்” என்றதும் நாற்காலியைச் சற்று நகர்த்திக் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான். கேட்கத் தயங்குவது நாம்தான்.

அவள் முதலில் `Ctrl+Shift+N` அழுத்தி மறைநிலைச் சாளரம் திறந்தாள். கடைக்காரரின் ஜிமெயில் திறந்திருக்கும் சாதாரண சாளரத்தில் லிங்க்கைத் திறந்தால், அவர் கணக்கின் வரலாற்றில் அது பதிவாகிவிடும். ஆனால் மறைநிலையை நம்பி ஏமாறவும் கூடாது. சாளரத்தை மூடினால் வரலாறு போகும், இறக்கிய கோப்பு போகாது, டவுன்லோட் ஃபோல்டரிலேயே இருக்கும். ஃபோல்டரில் உள்ள இரண்டையும் சேர்த்து இறக்கினால் ஜிப்பாக வரும். அதைப் பிரித்தால் ஜிப் ஒன்று, பிரித்தது ஒன்று என்று இரட்டைப் பிரதி ஆகிவிடும். ஒவ்வொன்றாக இறக்குவது மேல். இறக்கியதைக் குரோமிலேயே திறந்தால் பாஸ்வேர்டு கேட்கும், தட்டியதும் பக்கங்கள் தெரியும்.

`k1.pdf`-க்கு பிரிண்ட் கொடுத்தார் கடைக்காரர். பிரிண்டர் அசையவில்லை. திரையில் சேமிக்கும் பெட்டி ஒன்று வந்தது, பழக்கத்தில் அவர் சரி என்று அழுத்திவிட்டார். காரணம் என்னவென்றால், அவருக்கு முன் வந்தவருக்காகப் பிரிண்டரின் இடத்தில் `Save as PDF` என்று மாற்றி வைத்திருந்தார், குரோம் அதையே நினைவில் வைத்திருந்தது. விளைவாகத் தாள் வரவில்லை. பாஸ்வேர்டு இல்லாத, பூட்டுக் கழன்ற ஒரு புதிய பிடிஎஃப் அந்தக் கம்ப்யூட்டரில் பிறந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டுப் பூட்டியதெல்லாம் அந்த ஒரு அழுத்தலில் வீணாகிவிடும். பிரிண்ட் பெட்டி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது `Destination` என்ற வரியில் உண்மையான பிரிண்டரின் பெயர் இருக்கிறதா என்பதைத்தான். அவள் கவனித்துச் சொன்னாள், பிரிண்டரை மாற்றியதும் தாள்கள் வந்தன. பிறந்துவிட்ட அந்தப் பிரதியையும் அழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

பூட்டுக் கழன்ற பிரதி உருவாகும் இன்னொரு வழியும் உண்டு. ஆதாரைக் கார்டு அளவில் வெட்டி லேமினேட் செய்யச் சொன்னால், கடைக்காரர் அதைப் படமாக எடுத்து, பெயின்ட்டிலோ போட்டோஷாப்பிலோ முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். அந்தப் படம் டெஸ்க்டாப்பில் சேமிக்கப்படும். கார்டு செய்யச் சொல்பவர்கள் பிடிஎஃப்பை மட்டும் அழித்துவிட்டு இந்தப் படத்தை மறந்துவிடுகிறார்கள்.

தாள் கைக்கு வந்ததும் பணம் கொடுப்பதற்கு முன்பே சுத்தம் செய்துவிட வேண்டும், கொடுத்த பிறகு அடுத்தவருடைய முறை வந்துவிடும். டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்து தேதிவாரியாக அடுக்கினால் நம்முடையவை மேலே வரும். `k1.pdf` மட்டுமல்ல, `k1 (1).pdf` என்று ஒன்றும் இருக்கும். ஒருமுறை அழுத்தித் தாமதமானதும் மறுமுறை அழுத்தியதன் தடம் அது. எல்லாவற்றையும் தேர்ந்து `Shift+Delete` கொடுத்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரே அழியும். பிரவுசரின் டவுன்லோட் பட்டியலில் இருந்து பெயரை எடுப்பதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே பெயர் போனாலும் கோப்பு ஃபோல்டரில் இருந்துகொண்டே இருக்கலாம்.

அழித்தாலும் மீட்பு மென்பொருள் வைத்துத் தேடினால், குறிப்பாகப் பழைய ஹார்ட் டிஸ்க்கில், சில நாள் வரை கிடைக்கக்கூடும். கடையில் நம்மால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. பூட்டை முக்கியம் என்று சொன்னது அதனால்தான். மீட்டாலும் கிடைப்பது பூட்டிய கோப்பு.

பிரிண்டரின் வரிசையையும் பார்க்க வேண்டும். தாள் சிக்கிக்கொண்டாலோ தீர்ந்துவிட்டாலோ, அவசரத்துக்குக் கடைக்காரர் பக்கத்துப் பிரிண்டரில் கொடுத்துவிடுவார். முதல் பிரிண்டரில் நம் வேலை இன்னும் காத்துக்கொண்டிருக்கும். நாம் வீட்டுக்குப் போன பிறகு தாள் வைத்ததும் அது சாவகாசமாக வெளியே வரும். திரையின் கீழ் மூலையில் பிரிண்டர் படம் தெரிந்தால் திறந்து, நம் கோப்பின் பெயர் இருந்தால் ரத்து செய்யச் சொல்ல வேண்டும். கோணலாக வந்த தாள், மை மங்கிய தாள் எதையும் கடையில் விடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் அது கணக்கெழுதும் தாளாகும், கட்டுக்கட்டாக எடைக்குப் போகும், ஒருநாள் வேர்க்கடலைப் பொட்டலமாகவும் வரும்.

பெரிய நகல் இயந்திரங்களுக்குள்ளும் ஹார்ட் டிஸ்க் இருக்கலாம். அமெரிக்காவில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், வாடகைக்கு எடுத்த நகல் இயந்திரங்களை டிஸ்க்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்தது. அவற்றில் ஒன்றை சிபிஎஸ் தொலைக்காட்சி விலைக்கு வாங்கிப் பார்த்தபோது உள்ளே நோயாளிகளின் விவரங்கள் இருந்தன. 2013-இல் அந்த நிறுவனம் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. இயந்திரத்தின் உள்ளே இருப்பது வாடிக்கையாளர் கைக்கு எட்டாத இடம். மறைத்த ஆதார் மட்டும் அங்கேயும் நம்மைக் காக்கும், ஏனென்றால் முழு எண் அந்த இயந்திரத்தைத் தொடவே இல்லை.

இனி நம் பக்கத்துச் சுத்தம். கடையை விட்டு வெளியே வந்தவுடன் செய்ய வேண்டியது இது, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மறந்துபோகும். பலர் இதற்காக ஃபோல்டரை டிரைவில் நீக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நீக்கிய கோப்பு டிராஷில் 30 நாள் இருக்கும். அது நிரந்தரமாக அழியும்வரை, ஏற்கெனவே பகிர்ந்தவர்களால் அதைப் பார்க்க முடியும். நம் கண்ணுக்குத் தெரியவில்லையே தவிர, லிங்க் தெரிந்தவருக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. அதனால் நீக்குவதற்கு முன், அதே `General access` இடத்தில் `Anyone with the link` என்பதை மறுபடியும் `Restricted` ஆக்க வேண்டும். அதன் பிறகு ஃபோல்டரை நீக்கி, டிராஷையும் காலி செய்யலாம். ஃபோல்டரை அடைத்தால் அதிலிருந்து அனுமதி பெற்ற கோப்புகளும் அடைபடும். உள்ளே ஒரு கோப்பைத் தனியாகவும் பகிர்ந்திருந்தால், அதைத் தனியாகத்தான் அடைக்க வேண்டும்.

சுருக்கிய முகவரி அப்படியே இருக்கும், அது பற்றிக் கவலை வேண்டாம். அது காட்டும் இடம் அடைபட்டுவிட்டதால் யார் தட்டினாலும் ஒன்றும் கிடைக்காது. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பியவர்களுக்கும் இதே கதைதான். கடைக்காரரின் போனில் அந்தச் செய்தி வருடக்கணக்கில் கிடந்தாலும் அது உயிரில்லாத முகவரி. இறக்கிய பிரதியை மட்டும் இது தொடாது, அதனால்தான் கடையிலேயே அழித்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. லிங்க்குக்குக் காலாவதித் தேதி வைக்கும் வசதியும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவில் அது கட்டணச் சந்தாவோடு வருகிறது. அது இல்லாதவர்கள் லிங்க் அனுப்பும்போதே போனில் ஒரு அலாரம் வைத்துக்கொண்டால் அதே பலன்.

அடைத்ததைச் சரிபார்க்க, புறப்படும் முன் செய்த அதே சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். மறைநிலைத் தாவலில் லிங்க்கை ஒட்டினால் இப்போது கூகுளின் உள்நுழைவுப் பக்கம் வர வேண்டும். கோப்புகள் இன்னும் தெரிந்தால், எங்கோ ஒரு அனுமதி திறந்திருக்கிறது.

எல்லாக் கடை வேலைக்கும் இது பொருந்தாது. ஃபிளெக்ஸ் பேனருக்கோ கல்யாண ஆல்பத்துக்கோ நூற்றுக்கணக்கான எம்பி கொண்ட கோப்பைக் கொண்டுபோகிறவர்கள், இணையம் மந்தமாக இருக்கும் ஊர்க்காரர்கள், பென் டிரைவைத்தான் எடுத்துப் போக வேண்டியிருக்கும். அவர்கள் அதற்கென்றே ஒரு காலி டிரைவ் வைத்து, அச்சிட வேண்டியதை மட்டும் அதில் போட்டுக்கொண்டு போகட்டும். திரும்பியதும் அதிலிருக்கும் எதையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் திறக்காமல் ஃபார்மேட் செய்துவிடட்டும்.

அண்ணன் மகளின் டிரைவை அன்று அப்படியே கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தோம். கல்லூரி நாளில் பிராஜெக்டுக்காகத் திறந்த ஃபோல்டர், உதவித்தொகைக்கு யாருக்கோ அனுப்பிய வருமானச் சான்று, தோழிக்குக் கொடுத்த ஹால் டிக்கெட் எல்லாம் இன்னும் `Anyone with the link` என்றே இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து `Restricted` ஆக்கிக்கொண்டே வந்தாள். வருமானச் சான்றுக்கு வந்தபோது, “சித்தப்பா, இதுல அப்பாவோட கையெழுத்து, போன் நம்பர் எல்லாம் இருக்கு” என்றாள். அதை முதலில் அடைத்தாள், பிறகு மற்றவை.